பல்லியோடு ஒரே வீட்டில்: ஒரு குழந்தையின் அச்சம் குறித்து

தமிழில் குழந்தையை அச்சுறுத்துவதற்குப் 'பூச்சி காட்டுதல்' என்றொரு வழக்கு உண்டு. சொல் இன்று அருகிவிட்டது, செயல் அருகவில்லை. சோறு உண்ணாத பிள்ளையிடம் "பல்லி வந்துவிடும்" என்கிறோம். பல்லியைக் கண்டு பிள்ளை அலறும்போது "அது ஒன்றும் செய்யாது" என்றும் நாமே சொல்கிறோம். இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட ஒரு குழந்தையை ஓராண்டாக அருகிலிருந்து பார்த்து வருகிறேன். பூச்சிகளுக்கும் பல்லிகளுக்கும் கடுமையாக அஞ்சும் குழந்தைகளின் பெற்றோர் என் நட்பு வட்டத்தில் பலர் இருப்பதால், அவர்களுக்குப் பயன்படும் என்று கருதி இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். நான் உளவியலாளர் அல்லள், மொழியியல் பயில்பவள். உளவியல் சார்ந்து நான் எழுதுபவை அத்துறையில் நன்கு நிலைபெற்ற செய்திகள். எஞ்சியவை எங்கள் வீட்டில் நடந்தவை.

குழந்தை என் அக்காள் மகள், வயது ஐந்து. அக்காவின் குடும்பம் ஐதராபாத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கிறது. ஆய்வு நிமித்தம் நானும் அவர்களோடு தங்கியிருக்கிறேன். சுற்றிலும் மரங்கள், பால்கனியில் ஒரு குழல்விளக்கு. விளக்கிருக்கும் இடத்தில் விட்டில். விட்டில் இருக்கும் இடத்தில் பல்லி. ஊர் மாறினாலும் பல்லி மாறுவதில்லை. பெயர்கூட அதிகம் மாறுவதில்லை. தெலுங்கில் ஏறத்தாழ 'பல்லி' என்றே ஒலிக்கும், கன்னடத்தில் 'ஹல்லி' ஆகும். எனவே எதிர்வீட்டு அம்மாள் அச்சொல்லை உச்சரித்தாலும் குழந்தைக்கு உடனே விளங்கிவிடும்.

அச்சம் வெளிப்பட்ட விதத்தை முதலில் சொல்ல வேண்டும். எந்த அறைக்குள் நுழையும் முன்னும் நான்கு சுவர்களையும் கூரையையும் பார்ப்பாள். குளியலறைக்குத் தனியே போகமாட்டாள்; யாரேனும் முன்னே சென்று பார்த்துவிட்டு வந்து, தூக்கிக்கொண்டும் போக வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் சிறுநீரை அடக்கிக்கொள்வாள். ஏப்ரல் மாதப் புழுக்கத்திலும் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டுதான் உறங்குவாள். கரப்பான், விட்டில், பெரிய எறும்பு ஆகியவற்றுக்கும் அஞ்சுவாள். ஆனால் பல்லிதான் தலைமை.

இந்த வயதில் விலங்குகளுக்கு அஞ்சுவது பரவலானது. பெரும்பாலான குழந்தைகளிடம் அது தானே தணிந்துவிடும். அது நோயென்று கருதப்படும் எல்லை வேறு. அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின்படி, அச்சம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, உண்மையான ஆபத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவில் இருந்து, அன்றாட வாழ்வைக் குலைக்க வேண்டும். குழந்தைகளிடம் அது அழுகையாகவோ, அடமாகவோ, அசைவற்று உறைந்து நிற்பதாகவோ, பெற்றோரை இறுகப் பற்றிக்கொள்வதாகவோ வெளிப்படலாம் என்றும் அக்கையேடு சொல்கிறது. 'சேட்டை', 'செல்லம்' என்று நாம் படிக்கும் பல காட்சிகள் இதற்குள் அடங்கிவிடும்.

அச்சம் எவ்வாறு குழந்தையிடம் வந்து சேர்கிறது என்பதற்கு ஸ்டான்லி ரக்மன் 1977-இல் மூன்று வழிகளைக் கூறினார். நேரடியாகப் பட்ட அனுபவம் ஒன்று. பிறர் அஞ்சுவதைக் காண்பது இரண்டு. சொல்லிக் கேட்பது மூன்று. மூன்றாவது வழியின் வலிமையைப் ஃபீல்ட், லாசன் என்னும் இரு ஆய்வாளர்கள் 2003-இல் பிரிட்டனில் ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் சோதித்தனர். அவர்கள் அதுவரை கேள்விப்பட்டிராத ஆஸ்திரேலிய விலங்குகளைப் பற்றி ஒன்றைக் கெட்டதாகவும் மற்றொன்றை நல்லதாகவும் சொல்லி வைத்தனர். கெட்டதாகச் சொல்லப்பட்ட விலங்குக்கு அவர்கள் அதிகம் அஞ்சியதோடு, அது இருப்பதாகச் சொல்லப்பட்ட பெட்டிக்குள் கைவிடவும் தயங்கினார்கள். விலங்கை ஒருபோதும் கண்டதில்லை. கேட்ட சொற்கள் மட்டுமே போதுமானவையாக இருந்தன.

எங்கள் வீட்டுக் குழந்தைக்கு மூன்று வழிகளும் ஒரே நிமிடத்தில் திறந்தன. நான்கு வயதில் ஊரில் பாட்டி வீட்டின் கதவைச் சாத்தும்போது, நிலைக்கு மேலிருந்த பல்லி ஒன்று அவள் தோளில் விழுந்து ஓடியது. அவள் திடுக்கிட்டாள்; அவ்வளவுதான். ஆனால் கூடத்தில் இருந்த இரண்டு பெரியவர்கள் கூச்சலிட்டார்கள். ஒருவர் எந்தத் தோள் என்று கேட்டார். இன்னொருவர் பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி விழும் பலனைப் பார்க்கத் தொடங்கினார். குழந்தையை உடனே தலைக்குக் குளிப்பாட்டி, சாமி மாடத்தின் முன் நிறுத்தினார்கள். தோளில் பட்ட அந்த ஒரு நொடியைக் காட்டிலும், அதைத் தொடர்ந்து பெரியவர்கள் முகங்களில் தெரிந்த கலக்கமும் காதில் விழுந்த சொற்களும் அவளுக்குக் கற்பித்தவை அதிகம் என்றே நினைக்கிறேன்.

ஐதராபாத்துக்குத் திரும்பிய பிறகு அக்காவும் அத்தானும் செய்தவை அன்பினால் செய்தவை. அத்தான் ஒவ்வொரு மாலையும் துடைப்பத்தோடு பல்லிகளை விரட்டுவார். சன்னலில் மயிலிறகும், அலமாரியின் மேல் முட்டை ஓடுகளும் வைக்கப்பட்டன. அந்துருண்டைகள் அறையெங்கும் இடம்பெற்றன. (குழந்தை இருக்கும் வீட்டில் அவற்றைத் திறந்து வைத்தல் கூடாது. நாஃப்தலீன் உருண்டையை விழுங்கினால் நச்சாகும். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்கள் அதனால் சிதையக்கூடும்.) அக்கா ஒவ்வொரு முறையும் குளியலறையைச் சோதித்து, "இல்லை, வா" என்று அழைப்பார். இவற்றால் அந்த நேரத்தில் குழந்தைக்கு நிம்மதி கிடைத்தது. ஆனால் பல்லி இருந்தாலும் தன்னால் இருக்க முடியும் என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. பெரியவர் ஒருவர் துடைப்பத்தோடு போராடும் காட்சி, பல்லி போராடத் தக்க எதிரி என்ற கருத்தையே உறுதிப்படுத்தியது.

சொற்களிலும் இதுவே நிகழ்ந்தது. ஒரு மாலையில் அவள் "பல்லி என்னை ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று கேட்பதை எண்ணிப் பார்த்தேன், இரவு உணவுக்குள் பதினோரு முறை. ஒவ்வொரு முறையும் "ஒண்ணும் செய்யாது" என்ற விடை வந்தது. ஒவ்வொரு விடையும் சில நிமிடங்கள் வேலை செய்தது. பின் கேள்வி மீண்டது. ஆறுதல் மொழி தவறானதன்று. ஆனால் அது சோதனை செய்யும் வேலையைக் குழந்தையிடமிருந்து பெரியவருக்கு மாற்றிவிடுகிறது. அடுத்த ஐயம் எழும்போது அவளிடம் சொந்தச் சான்று எதுவும் இல்லாததால் மீண்டும் நம்மிடமே வரவேண்டியிருக்கிறது.

யேல் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் பதற்றம் குறித்துப் பணியாற்றும் எலி லெபோவிட்ஸ், பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி அளிக்கும் ஒரு முறையை உருவாக்கியவர். அதன் மையத்தில் இரு கூறுகள் கொண்ட ஒரு வாக்கு உள்ளது: முதற்பாதி அச்சத்தை ஏற்றுக்கொள்கிறது, மறுபாதி குழந்தையின் திறன்மேல் நம்பிக்கை வைக்கிறது. எங்கள் வீட்டில் அது "பயமா இருக்கு, எனக்குத் தெரியுது கண்ணு. பயத்தோடயே உன்னால நிக்க முடியும்" என்று அமைந்தது. "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்னும் கேலிக்கும், "ஐயோ, வா, நான் தூக்கிக்கிறேன்" என்னும் மீட்புக்கும் நடுவில் இவ்வாக்கு நிற்கிறது. பதினோரு முறை கேட்டால் பதினோரு விடை தேவையில்லை. ஒருமுறை இதைச் சொல்லிவிட்டு அருகில் அமைதியாக இருந்தால் போதும்.

இனி, செய்ததைச் சொல்கிறேன். இம்முறையின் தொடக்கத்தைப் பலர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதிய கட்டுரையில் காண்பர். பீட்டர் என்று அவர் பெயரிட்ட சிறுவனுக்கு அப்போது இரண்டு வயது பத்து மாதம். வெள்ளை முயலுக்கு அஞ்சினான். அவன் விருப்பமான உணவை உண்ணும்போது, கூண்டிலிருந்த முயல் பல நாட்களில் படிப்படியாக அருகே கொண்டுவரப்பட்டது. முதலில் அறையில் எங்கோ ஓரிடம், பின் பன்னிரண்டு அடி, பின் நான்கு அடி, பின் மூன்று அடி. முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளும் உடன் விளையாடினர். கடைசியில் அவன் விரல்களை முயல் கொறிக்க விட்டுக்கொண்டு இருந்தான். நூறாண்டுகள் ஆகியும் இதன் சாரம் மாறவில்லை: அஞ்சும் பொருளைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் அச்சம் தானே இறங்கும்வரை நிற்பது.

பல்லியின் இடர்ப்பாடு என்னவென்றால் அதைக் கூண்டில் வைத்து நகர்த்த இயலாது. ஆனால் அதற்கு ஒரு நற்குணம் உண்டு: மாலை ஏழு மணிக்கு விளக்கடிக்கு வந்துவிடும். எனவே பல்லியை நகர்த்துவதற்கு மாறாகக் குழந்தை நகர்ந்தாள். கூடத்துத் தரையில் இரண்டடிச் சதுரக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. பால்கனி வாயிலிலிருந்து ஏழாவது கல் என்றால் பதினான்கு அடி. தொலைவை அளக்க வேறு கருவி வேண்டியிருக்கவில்லை. அவளே கற்களை எண்ணிச் சொல்வாள்.

அச்சத்தை அளக்க ஒரு கையின் விரல்கள். விரல் மடங்கிய கை என்றால் அச்சம் இல்லை. ஐந்து விரலும் விரிந்தால் தாங்க முடியாத அச்சம். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பதைவிட இது எளிது. பேசவே முடியாத நேரத்திலும் கை காட்ட முடியும்.

முதல் வாரம் உண்மைப் பல்லியே இல்லை. அவளே பல்லியை வரைந்தாள். பிறகு படங்கள். பிறகு ஒலி நீக்கிய காணொலி. கைப்பேசி அவள் கையில், நிறுத்தும் உரிமையும் அவளுடையது. நெகிழிப் பல்லி ஒன்றை மேசைமேல் வைத்தோம். அதற்கு ஒரு விதி: வீட்டில் யாரும், விளையாட்டுக்கும்கூட, அதை அவள்மேல் எறியக் கூடாது. அத்தை மகன்கள் வந்தபோது அவர்களிடமும் இவ்விதி முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஓர் எறிதல் பத்து நாள் உழைப்பை அழித்துவிடும்.

இரண்டாம் வாரம் பால்கனிக் கண்ணாடிக் கதவை மூடி, ஏழாம் கல்லில் பாய் விரித்து அமர்ந்தோம். ஒவ்வொரு மாலையும் பதினைந்து நிமிடம். வாரத்தில் ஐந்து நாள். தொடங்கும் முன் அக்கா ஒரு கேள்வி கேட்பார்: "என்ன நடக்கும்னு நினைக்கிற?" குழந்தை சொல்வாள்: "என் மேல குதிக்கும்." அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். முடிந்ததும் அடுத்த கேள்வி: "என்ன நடந்தது?" அதையும் எழுதுவோம்.

இக்கேள்விகளின் பயனை மொழி வழியே நான் புரிந்துகொண்டேன். தமிழில் 'பல்லி குதிக்கும்' என்ற வாக்கியத்துக்கு இரு பொருள்கள் உள. இனிமேல் குதிக்கப் போகிறது என்பது ஒன்று; குதிப்பது பல்லியின் இயல்பு என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஒரே வினைமுற்றால் சொல்கிறோம். குழந்தை சொல்லும்போது எதிர்பார்ப்பும் இயல்பும் பிரியாமல் கிடக்கின்றன. "இன்று குதித்ததா?" என்று கேட்டவுடன் வாக்கியம் இறந்த காலத்துக்கு வந்துவிடுகிறது. இறந்த காலத்துக்குச் சான்று வேண்டும். அச்சான்று அவள் கண்ணிலேயே இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் குறிப்பேட்டில் பல முறை "குதிக்கல" என்று இருந்தது. நாங்கள் வாதிட்டு அவளை வெல்லவில்லை. அவளுடைய கணிப்புகளே ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தன.

இதில் ஒரு நேர்மை தேவை. "விழவே விழாது" என்று வாக்களிக்கக் கூடாது. பல்லி சிலசமயம் விழத்தான் செய்யும். விரல்களின் அடியிலுள்ள நுண்மயிர்களால் சுவரைப் பற்றும் உயிரினம் அது. ஈரமோ தூசியோ படிந்தாலும், இரையைப் பாய்ந்து பிடிக்கும்போதும் பிடி தவறலாம். "எப்பவாவது விழும். விழுந்தா அதுவும் பயந்து ஓடிடும்" என்பதே உண்மை. வாக்களித்த பிறகு ஒருமுறை விழுந்துவிட்டால் இழப்பது பல்லிமேல் உள்ள நம்பிக்கையை மட்டுமன்று, நம்மேல் உள்ள நம்பிக்கையையும்.

பாயில் அமர்ந்திருக்கும்போது பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கவனத்தைத் திருப்பப் பாட்டோ கதையோ வேண்டாம், பார்ப்பதுதான் வேலை. ஆனால் பார்ப்பதற்கு ஒரு பிடி வேண்டும். "தலை எந்தப் பக்கம் இருக்கு? இப்போ எத்தனை அடி நகர்ந்தது? எந்தப் பூச்சியைப் பார்க்குது?" என்ற கேள்விகளுக்கு அவள் நேர்முக வருணனை செய்யத் தொடங்கினாள். பல்லிக்கு மூடித் திறக்கும் இமை இல்லை, கண்ணை நாவால் துடைத்துக்கொள்ளும் என்பதை அவளே ஒரு மாலையில் பார்த்தாள். வால் அறுந்தால் மீண்டும் வளரும் என்று நான் சொன்னதைவிட, குட்டை வாலோடு வரும் ஒரு பல்லியை அவள் அடையாளம் கண்டுகொண்டது பெரிய நிகழ்ச்சியாயிற்று. 'பல்லி' என்ற பொதுப்பெயர் அன்று முதல் 'குட்டைவால்' ஆயிற்று.

எது பிழைபடும் என்பதற்கு மூன்றாம் வாரத்து மாலை ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. கதவு திறந்திருந்தது, அவள் ஐந்தாம் கல்லில் இருந்தாள். ஐந்து விரல் காட்டினாள். நான்கு நிமிடத்தில் அது மூன்றாக இறங்கியபோது பல்லி ஒரு விட்டிலைப் பிடிக்கச் சுவரில் விரைந்து ஓடியது. அவள் அலறிக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடிவிட்டாள். அந்தக் கணத்தில் இரு தவறான வழிகள் இருந்தன. கையைப் பிடித்து ஐந்தாம் கல்லுக்கே இழுத்து வருவது ஒன்று. "சரி, இன்னிக்குப் போதும்" என்று முடித்துவிடுவது மற்றொன்று. முதலாவது அச்சத்தோடு வற்புறுத்தலையும் சேர்க்கும். இரண்டாவது, தப்பி ஓடியதே தன்னைக் காத்தது என்ற பாடத்தோடு நாளை முடிக்கும். அக்கா இரண்டையும் செய்யவில்லை. ஒரு நிமிடம் அவளோடு அமர்ந்தார். "பயமா இருந்துச்சு. ஏழாம் கல்லுல ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டு முடிச்சுக்கலாம்" என்றார். குழந்தை வந்தாள். ஏழாம் கல்லில் இரண்டு விரல் ஆனதும் அன்றைய அமர்வு முடிந்தது. ஓட்டத்தில் முடியாமல் அமைதியில் முடிந்ததே பயன்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்ல எங்கள் அளவுகோல் எளியது: தொடர்ந்து இரண்டு மாலைகள், தொடக்கத்திலேயே இரண்டு விரலோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். சில கற்களை ஒரே நாளில் கடந்தாள்; மூன்றாம் கல்லில் ஆறு நாட்கள் நின்றாள். பரிசு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நின்றதற்கு ஓர் ஒட்டுப்படம். அஞ்சாமல் நின்றதற்கன்று, அஞ்சியும் நின்றதற்கு. பால்கனி முடிந்ததும் குளியலறை. சன்னலில் பல்லி இருக்க, முதலில் கதவு திறந்தபடி அக்கா வாயிலில் நின்றார், பின் கூடத்தில், பின் கதவு ஒருக்களித்தபடி, கடைசியில் மூடியபடி. ஓரிடத்தில் அடங்கிய அச்சம் வேறிடத்தில் தானாக அடங்கிவிடாது. ஒவ்வோர் அறையும் தனிப் பாடம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒன்பது வாரங்கள் ஆயின.

பல்லியைத் தொட வைப்பது எங்கள் நோக்கமாக இருந்ததே இல்லை. வீட்டுப் பல்லிக்கு நஞ்சு கிடையாது. ஆயினும் அதன் எச்சத்தில் சால்மனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுவதும் கை கழுவுவதும் இதனால்தான், நஞ்சினால் அன்று. ஒரே வீட்டில் இருவரும் இருக்க முடிய வேண்டும், அது போதும்.

பாட்டியின் செய்தியையும் சொல்ல வேண்டும். அவர் நம்பிக்கையைக் கைவிடச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, தேவையும் இல்லை. "பலன் பார்க்கிறதா இருந்தா அவ தூங்கினப்புறம் பாருங்கம்மா" என்று மட்டும் அக்கா தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். சில நாள் கழித்துப் பாட்டியே பேத்தியிடம் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலைப் பற்றிச் சொன்னார். அங்கே கூரையில் பொன்னும் வெள்ளியும் போர்த்திய இரு பல்லி உருவங்கள் உள்ளதையும், தோஷம் நீங்க மக்கள் வரிசையில் நின்று அவற்றைத் தொட்டு வணங்குவதையும் சொன்னார். குழந்தை நெடுநேரம் யோசித்து, "அப்போ மத்தவங்க வரிசையில நின்னு தொடுறாங்களா?" என்று கேட்டாள். அச்சத்தைக் கொடுத்த அதே மரபின் இன்னொரு மூலையிலிருந்து அதைத் தணிக்கும் சொல்லும் வந்தது. நாங்கள் யாரும் இதைத் திட்டமிடவில்லை.

கரப்பானின் கதை வேறு. அங்கே அச்சத்தோடு அருவருப்பும் கலந்திருக்கிறது. அருவருப்பு அச்சத்தைவிட மெதுவாகவே இறங்கும். மேலும் கரப்பான் வீட்டில் இருக்க வேண்டிய உயிரும் அன்று. எனவே இலக்கையே சிறிதாக்கினோம்: அலறாமல் அவ்விடம் விட்டு நடந்து சென்று பெரியவரிடம் சொல்ல வேண்டும். இறந்த கரப்பான் ஒன்றை மூடியிட்ட கண்ணாடிப் புட்டியில் இட்டுக் கால்களை எண்ணினோம். உணர்கொம்புகளின் நீளத்தைப் பார்த்தோம். இன்றும் அவள் முகம் சுளிக்கிறாள். நானும் சுளிக்கிறேன்.

அச்சத்தைக் குறைக்கும்போது எச்சரிக்கையை அழித்துவிடக் கூடாது என்பதால், உயிர்களை மூன்றாகப் பிரித்து ஒரு தாளில் வரைந்து ஒட்டினோம். பல்லி, விட்டில், வண்ணத்துப்பூச்சி ஆகியவை பார்ப்பதற்கு. கம்பளிப்பூச்சி, செவ்வெறும்பு ஆகியவை பார்க்கலாம், தொடக் கூடாது. தேள், பூரான், குளவி, பாம்பு ஆகியவற்றைக் கண்டால் பின்வாங்கி நின்று பெரியவரை அழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அலறல் இருந்த இடத்தில் மூன்று வேறு செயல்கள் வந்தன. உண்மையில் அஞ்சத் தக்கவை எவை என்று தெரிந்ததே மற்றவற்றின்மீதான அச்சத்தைச் சற்றுக் குறைத்தது.

அச்சம் மீளும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். பீட்டருக்கும் மீண்டது: இடையில் செங்காய்ச்சல் கண்டு இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தான்; அங்கிருந்து புறப்படும்போது ஒரு பெரிய நாய் அவனை அச்சுறுத்தியது; முயலச்சம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மீண்டும் தொடங்கித்தான் குணப்படுத்தினார்கள். எங்கள் குழந்தை தசரா விடுமுறையில் மூன்று வாரம் வெளியூர் சென்று திரும்பியபோது, குளியலறைக் கதவின் பின்னாலிருந்து பல்லி ஒன்று ஓடியது. மறுநாள் மூன்றாம் கல்லில் நான்கு விரல். முதற்படிக்குத் திரும்பாமல் இரண்டு கல் மட்டும் பின்னே சென்று ஐந்தாம் கல்லில் தொடங்கினோம்; நான்கு மாலைகளில் பழைய நிலை வந்தது. இரண்டாம் முறை ஏறுவது விரைவாக இருந்தது.

இம்முறை வீட்டளவில் போதாத இடங்கள் உண்டு. பல வாரங்கள் முயன்றும் முதற்படியிலேயே விரல்கள் இறங்காவிட்டாலோ, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவதால் உடல் பாதிக்கப்பட்டாலோ, பள்ளி செல்வதும் உறக்கமும் கெட்டாலோ, அச்சம் பல்லியைத் தாண்டிப் பல திசைகளில் பரவினாலோ, குழந்தை உளமருத்துவரையோ உளவியலாளரையோ காண வேண்டும். எங்கே செல்வது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில் மைய அரசின் டெலி மானஸ் சேவையை அழைக்கலாம். 2022 அக்டோபர் முதல் இயங்கும் அச்சேவையில் தமிழிலும் பேசலாம். பெற்றோரில் ஒருவருக்கே பல்லியச்சம் கடுமையாக இருந்தால், பாயில் உடன் அமர்பவர் மற்றவராக இருப்பது நல்லது. நம் முகத்தைக் குழந்தை பல்லியைவிடக் கூர்ந்து பார்க்கிறது.

இப்போது அவளுக்குப் பல்லியைப் பிடிக்குமா என்றால், பிடிக்காது. அறைக்குள் நுழையும்போது ஒருமுறை கூரையைப் பார்க்கிறாள். இருந்தால் "இருக்கு" என்று அறிவித்துவிட்டு உள்ளே போகிறாள். குளியலறைக்குத் தனியே செல்கிறாள். துடைப்பம் தரை பெருக்க மட்டுமே பயன்படுகிறது. சென்ற வாரம் "பல்லி என்னை ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று நெடுநாள் கழித்துக் கேட்டாள். அக்கா, "நோட்டுல என்ன எழுதியிருக்கு?" என்றார். அவளுக்கு இன்னும் சரளமாக வாசிக்க வராது; ஆனால் குறிப்பேட்டை எடுத்து வந்து, எழுத்துக்கூட்டி, "கு-தி-க்-க-ல" என்று தானே படித்துக்கொண்டாள்.